ஐந்து பக்கம், அறுபதாயிரம், கார்த்திகைக்குள்

"தம்பி, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் வேணும். அஞ்சு பக்கம் போதும். விளக்கெல்லாம் அதுல தெரியணும், ஆர்டர் எடுக்கணும், பணமும் அதுலயே கட்டுற மாதிரி இருக்கணும். பட்ஜெட் அறுபதாயிரம். கார்த்திகை தீபத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க."

சிறு கடைக்காரர் ஒருவர், வீட்டிலிருந்தே தனியாக வேலை எடுத்துச் செய்யும் டெவலப்பருக்கு எழுதுவது பெரும்பாலும் இவ்வளவுதான். எத்தனை பக்கம், எவ்வளவு பணம், எந்த நாள் என்று மூன்றையும் சொல்லிவிட்டதால் கடிதம் முழுமையானது போலத் தெரியும். டெவலப்பரும் "சரிங்க ஐயா" என்று முன்பணம் வாங்கிக்கொள்வார். இரண்டு மாதம் கழித்து இருவருக்கும் மனக்கசப்பு வரும். ஒருவர் "இதுகூடச் செய்யமாட்டேன் என்கிறார்" என்பார். மற்றவர் "சொல்லாத வேலையை எல்லாம் கேட்கிறார்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. சண்டைக்கான விதை அந்தக் கடிதத்திலேயே இருந்தது.

இதை ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். கும்பகோணத்துக்கு அருகே நாச்சியார்கோவில் வட்டாரத்தில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடை. கடையும் கடைக்காரரும் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட மாதிரிகள்தான். விலையும் எடையும் கணக்குக்காக வைத்தவை. ஆனால் இங்கே வரும் கேள்விகள் பித்தளை விளக்கை இணையத்தில் விற்க நினைக்கும் யாருக்கும் வந்தே தீரும்.

ஐந்து பக்கம் என்று அவர் எழுதியபோது மனத்தில் எண்ணியது முகப்பு, எங்களைப் பற்றி, விளக்குகள், ஆர்டர், தொடர்பு. கடையிலிருந்து பார்த்தால் கணக்கு சரி. டெவலப்பரின் பக்கமிருந்து பார்த்தால் "விளக்குகள்" என்பது ஒரு பக்கம் அல்ல. நாற்பது விளக்கையும் வரிசையாகக் காட்டும் பட்டியல் ஒன்று வேண்டும். ஒரு விளக்கைத் தொட்டால் அதன் படம், உயரம், எடை, விலை என்று விரியும் பக்கம் வேண்டும். அப்படி நாற்பது. ஆனால் அந்த நாற்பதுக்கும் அச்சு ஒன்றுதான். அச்சைச் செய்துவிட்டால் நாற்பது விளக்கானாலும் நானூறு விளக்கானாலும் விவரத்தை நிரப்பும் வேலை மட்டுமே கூடும்; நிரல் எழுதும் வேலை கூடாது.

அதே சமயம் "ஆர்டர்" என்று அவர் எழுதிய ஒரே சொல்லுக்குள் கூடை, முகவரி வாங்குதல், அனுப்பும் செலவைக் கணக்கிடுதல், பணம் கட்டுதல், கட்டியதும் வரும் ரசீது, கடைக்காரரின் போனுக்கு வரும் தகவல், வாடிக்கையாளர் கேட்டால் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்புதல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும். எனவே பக்கங்களை எண்ணிக் கூலி பேசுவது இரண்டு பக்கமும் தப்பாகும். சுலபமான நாற்பது பக்கத்துக்குக் கடைக்காரர் பயப்படுவார். கடினமான ஒரு பக்கத்துக்கு டெவலப்பர் குறைவாகக் கேட்டுவிடுவார். ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறவர் என்ன செய்ய வேண்டும், அவர் செய்தபின் கடையில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதினால்தான் வேலையின் எடை தெரியும்.

இந்தக் கடையின் மிக முக்கியமான சங்கதி அந்தக் கடிதத்தில் இல்லவே இல்லை. பித்தளை விளக்கு பெரும்பாலும் எடைக்கு விற்கப்படுகிறது. கிலோ 900 ரூபாய் என்றால் ஐந்து கிலோ விளக்கு 4,500 ரூபாய். அடுத்த வாரம் பித்தளை ஏறி கிலோ 940 ஆனால் அதே விளக்கு 4,700. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. எடை போட்டு, அன்றைய விலையால் பெருக்கி, சீட்டில் எழுதிக் கொடுப்பது அவருக்கு மூச்சு விடுவது போல. ஆனால் சாதாரணமாகக் கட்டப்படும் கடை வெப்சைட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலைதான் இருக்கும். விலை மாறும் நாளில் நாற்பது பக்கத்தையும் திறந்து நாற்பது விலையையும் திருத்த வேண்டும். முதல் மாதம் திருத்துவார். மூன்றாம் மாதம் விட்டுவிடுவார். ஒருநாள் பழைய விலைக்கு ஆர்டர் வந்து நிற்கும்.

இதற்கு வழி எளிது. ஒவ்வொரு விளக்கின் எடையையும் பதிந்துவைத்து, கிலோ விலையை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா விலையும் தானே மாறும்படி செய்யலாம். வேலைப்பாடு மிகுந்த விளக்குகளுக்குச் செய்கூலியைத் தனியாகச் சேர்க்கலாம். முதலிலேயே சொல்லப்பட்டால் இது பெரிய வேலை அல்ல. எல்லாம் முடிந்தபின் சொன்னால் விலை வரும் ஒவ்வொரு இடத்தையும் டெவலப்பர் மறுபடி தொட வேண்டியிருக்கும். கூடுதல் கூலி கேட்பார், கேட்பதும் நியாயம். கடையில் தினமும் யோசிக்காமல் கை செய்யும் காரியம் எதுவோ, அதைத்தான் கடிதத்தில் முதலில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அனுப்பும் செலவும் இதே ரகம். விளக்கு கனமான பொருள் என்பதால் எடைக்கேற்ப கூரியர் கட்டணம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கூரியர்காரர்கள் பார்ப்பது எடையை மட்டும் அல்ல. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000 ஆல் வகுத்து ஒரு கணக்கு எடை எடுப்பார்கள். உண்மை எடை, கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. இரண்டு அடி விளக்கை அப்படியே நிறுத்தி, சுற்றிலும் அடைப்பு வைத்து, 30-க்கு 30-க்கு 70 பெட்டியில் போட்டால் கணக்கு எடை 12.6 கிலோ. விளக்கும் பெட்டியும் சேர்ந்து உண்மையில் ஐந்தரை கிலோதான். அதாவது ஏழு கிலோ காற்றுக்குக் காசு கட்டுகிறோம். குத்துவிளக்கை அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, பிரபை என்று திருகிக் கழற்றலாம். கழற்றி அடுக்கி உயரத்தை 35 சென்டிமீட்டராக்கினால் கணக்கு எடை 6.3 கிலோ. கட்டணம் ஏறத்தாழ பாதியாகும்.

ஆகவே கடைக்காரர் டெவலப்பருக்குத் தர வேண்டியது விளக்கின் எடை மட்டும் அல்ல. கட்டி முடித்த பெட்டியின் அளவும்கூட. பெட்டி அளவு தெரியாமல் "எல்லா ஊருக்கும் 150 ரூபாய்" என்று ஒரே கட்டணம் வைத்த கடைகள், பெரிய விளக்கு ஒன்று கொல்கத்தாவுக்குப் போகும்போது லாபத்தைக் கூரியரிடம் கொடுத்துவிட்டு நிற்கும். கழற்றி அனுப்பினால் வாங்கியவர் மறுபடி பூட்ட வேண்டுமே, அதற்கு ஒரு சிறு படவிளக்கம் வேண்டும் என்பதும் இங்கிருந்து பிறக்கும் இன்னொரு பக்கம்.

யாருடைய எண்ணிக்கையிலும் வராத சில பக்கங்களும் உண்டு. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தில் கணக்குத் திறக்கும்போது அவர்கள் பான் அட்டை, ஜிஎஸ்டி சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். அத்தோடு வெப்சைட்டையும் திறந்து பார்ப்பார்கள். தொடர்பு முகவரி, விற்பனை நிபந்தனைகள், தனியுரிமை, பணம் திருப்பும் முறை, அனுப்பும் முறை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் உண்மையான பணம் வாங்க அனுமதிப்பார்கள். பான் அட்டையில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறு பெயரும் இருந்தால் கேள்வி மேல் கேள்வி வந்து நாள்கள் ஓடும். வெப்சைட் தயார், விளக்குகள் தயார், ஆனால் பணம் வாங்க முடியவில்லை என்ற நிலையில் பண்டிகை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையானது.

சட்டமும் இதில் பேசுகிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரங்களோடு குறைதீர்க்கும் அலுவலர் யார் என்பதையும் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் கடைக்காரரின் மகளாகவோ மருமகனாகவோ இருக்கலாம். யார் என்று கடிதத்தில் எழுதிவிட்டால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கடை ஜிஎஸ்டியில் எந்த முறையில் பதிவாகியிருக்கிறது? பல சிறு கடைகள் கணக்கு எளிது என்பதால் காம்போசிஷன் முறையில் இருக்கின்றன. அந்த முறையில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை எண்ணித்தான் வெப்சைட்டே தொடங்கப்படுகிறது என்றால், டெவலப்பரிடம் போவதற்கு முன் ஆடிட்டரிடம் போக வேண்டும்.

இனி சரக்கை யார் தருவது என்ற பேச்சு. நாற்பது விளக்குக்கு நாற்பது படம் என்று நினைத்தால் போதாது. முழு விளக்கு, பிரபையின் வேலைப்பாடு, அடிப்பாகம் என்று மூன்றாவது வேண்டும், மொத்தம் நூற்றிருபது. பளபளக்கும் பித்தளையைப் படமெடுப்பது லேசான காரியம் அல்ல. எதிரே நிற்பவரின் சட்டையும் கடையின் டியூப் லைட்டும் அதில் தெரியும். வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பரவவிட்டு எடுக்கத் தெரிந்தவர் ஒருவர் இரண்டு நாள் உட்கார வேண்டும். இது டெவலப்பரின் வேலை அல்ல. ஆனால் கடிதத்தில் எழுதாவிட்டால் அவர் தலையில்தான் விழும். அல்லது, அதைவிட மோசமாக, வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிப்போன படங்களே வெப்சைட்டில் ஏறும்.

எழுத்துக்கும் இதே கதி. கடையின் வரலாறும் விளக்கின் விவரங்களும் பழைய நோட்டீஸ் அச்சடித்த இடத்தில் தட்டச்சு செய்யப்பட்டுக் கோப்பாக இருக்கும். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், வெப்சைட்டில் ஒட்டியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழியிலும் வேண்டுமென்றால் எழுத்து வேலை இரட்டிப்பாகும். எனக்குத் தோன்றுவது, முதல் ஆண்டில் விளக்கின் பெயரும் அளவும் இரு மொழியில் இருந்தால் போதும். நீளமான கதைகள் ஒரு மொழியில் இருக்கட்டும்.

பணத்துக்கு வருவோம். அறுபதாயிரம் என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. அது டெவலப்பரின் கூலியா, படமெடுக்கும் செலவும் சேர்ந்ததா, ஆண்டுதோறும் கட்ட வேண்டியதும் அதற்குள்ளா? டொமைன் என்னும் பெயரும், ஹோஸ்டிங் என்னும் இடமும் வாடகை போல. ஒவ்வொரு ஆண்டும் கட்டாவிட்டால் வெப்சைட் நின்றுவிடும். இவை தவிர ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு துண்டு போகும். கார்டிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டும்போது கேட்வே கட்டணம் பொதுவாக இரண்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 4,500 ரூபாய் விளக்குக்கு 90 ரூபாய் கட்டணம், அதன் வரி 16 ரூபாய் 20 காசு, ஆக 106 ரூபாய் 20 காசு. இது டெவலப்பருக்குப் போவதில்லை, வெப்சைட் செலவிலும் வராது; விளக்கின் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

பட்ஜெட்டை மறைப்பது கெட்டிக்காரத்தனம் என்று பல வியாபாரிகள் நினைக்கிறார்கள். சரக்கு வாங்கும்போது அது பலிக்கலாம், ஏனென்றால் சரக்கு ஏற்கெனவே செய்யப்பட்டு எதிரே இருக்கிறது. இன்னும் செய்யப்படாத ஒன்றுக்கு பட்ஜெட்டைச் சொன்னால்தான், அந்தப் பணத்துக்குள் எது அடங்கும், எதை விடலாம் என்று டெவலப்பர் யோசிப்பார்.

உரிமை பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். கூச்சப்படக் கூடாது. டொமைனை டெவலப்பர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் கடையின் பெயரே அவர் கையில் இருக்கிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வேலை கிடைத்து வெளிநாடு போனாலோ போன் எண்ணை மாற்றினாலோ போதும். புதுப்பிக்கும் நாளில் ஓடிபி யாருக்கோ போகும். டொமைன், ஹோஸ்டிங், கேட்வே மூன்று கணக்கையும் கடைக்காரர் தம் மின்னஞ்சலில் தாமே திறந்து, டெவலப்பருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும்.

அவர் எழுதும் நிரலின் உரிமையும் இப்படித்தான். பணம் கொடுத்தால் நமக்குச் சொந்தம் என்று தோன்றும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதியது முதலாளிக்கு. தனியாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் எழுதியது, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், எழுதியவருக்கு. உரிமையை மாற்றித்தர அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் போல உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் பகுதிகளுக்கு இது பொருந்தாது. இந்தக் கடைக்கென்று அவர் புதிதாக எழுதுவதற்குத்தான். அந்த எடைக்கணக்கு விலை முறை அப்படிப்பட்டது.

நாள் விஷயத்தில் பெரும்பாலான கடிதங்கள் ஒரே தவறைச் செய்கின்றன. கார்த்திகைக்குள் என்றால் கார்த்திகைக்கு முந்தின நாளா? வீட்டு வாசலில் விளக்கு இருக்க வேண்டிய நாள் அது. கூரியருக்கு ஒரு வாரம் விட்டால் கடைசி ஆர்டர் எட்டு நாள் முன்பே வந்திருக்க வேண்டும். மக்கள் பார்த்து, வீட்டில் கலந்து பேசி, வாங்க மூன்று நான்கு வாரமாவது வெப்சைட் திறந்திருக்க வேண்டும். அதற்கு முன் தெரிந்தவர்கள் நிஜப் பணம் கட்டிச் சோதிக்க ஒரு வாரம். அதற்கும் முன் கட்டும் வேலைக்கு ஐந்தாறு வாரம். அந்த வேலை தொடங்கப் படமும் விவரமும் கையில் இருக்க வேண்டும். நவம்பரிலோ டிசம்பரிலோ வரும் பண்டிகைக்கு ஆகஸ்டிலேயே கடிதம் போக வேண்டும் என்பது இப்படிப் பின்னோக்கி எண்ணினால்தான் தெரியும்.

இவ்வளவையும் மனத்தில் வைத்து அந்தக் கடைக்காரர் மறுபடி எழுதினால் கடிதம் இப்படி இருக்கும்.

"ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். எங்கள் கடையில் பித்தளைக் குத்துவிளக்கு விற்கிறோம். நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் விற்றுவந்தோம். இப்போது பெங்களூர், மும்பையிலிருந்து போனில் கேட்கிறார்கள். அவர்கள் வெப்சைட்டில் பார்த்து, பணம் கட்டி, கூரியரில் வாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வெளிநாட்டுக்கு இப்போது வேண்டாம். வெளிமாநில விற்பனைக்கு ஏற்றபடி ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுச் சரிசெய்துவிட்டேன்.

முதலில் நாற்பது விளக்கு. வருகிறவர் உயரத்தை வைத்துத் தேட வேண்டும்: ஒரு அடி, ஒன்றரை, இரண்டு, மூன்று. ஒவ்வொரு விளக்குக்கும் மூன்று படம், எடை, உயரம், விலை. விலை எடைக்கணக்கு. கிலோ விலையை நான் என் போனில் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா விளக்குக்கும் மாற வேண்டும். சில விளக்குக்குச் செய்கூலி தனி. ஏற்கெனவே பணம் கட்டிய ஆர்டரின் விலை மாறக் கூடாது.

அனுப்பும் செலவு பெட்டி அளவையும் ஊரையும் பொறுத்து வர வேண்டும். கழற்றிக் கட்டிய பெட்டி அளவை நாற்பதுக்கும் எழுதித் தருகிறேன். வாங்கிய பிறகு வீட்டில் பணம் கொடுக்கும் முறை வேண்டாம். வாங்காமல் திருப்பிவிட்டால் போக வரக் கூரியர் காசு எனக்குத்தான் நஷ்டம். கடையில் ஒன்றே ஒன்று இருக்கும் விளக்கை வெப்சைட்டில் போடமாட்டேன், அதனால் கடை இருப்போடு இணைக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

எங்களைப் பற்றி, தொடர்பு, விளக்கைப் பூட்டும் முறை, பிறகு கேட்வே கேட்கும் பக்கங்கள் எல்லாம் வேண்டும். அவற்றின் வாசகத்தை நான் தருகிறேன். புகார் கவனிப்பது என் மகள்.

படம் எடுப்பதை நானே பார்த்துக்கொள்கிறேன். படமும் எக்செல் பட்டியலும் யுனிகோடில் எழுதிய வாசகமும் செப்டம்பர் 10 அன்று உங்கள் கையில் இருக்கும். நான் தாமதித்தால் அத்தனை நாள் உங்கள் தேதியும் தள்ளிப்போகலாம். நீங்கள் ஒன்றைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால் மூன்று நாளில் சொல்லிவிடுவேன். முடிவு சொல்வது நான் ஒருவன்தான். வீட்டில் வேறு யார் சொன்னாலும் என்னைக் கேளுங்கள்.

என்னிடம் மொத்தம் 60,000 ரூபாய் இருக்கிறது. படத்துக்கு 8,000, டொமைன், ஹோஸ்டிங்குக்கு முதல் ஆண்டு 6,000 ஒதுக்கியிருக்கிறேன். உங்களுக்கு 42,000. மீதி 4,000 எதிர்பாராததற்கு. 42,000-ஐ நான்கு தவணையாகத் தருகிறேன்: தொடங்கும்போது 12,000, சோதனை வெப்சைட்டைக் காட்டும்போது 12,000, திறந்த அன்று 12,000, ஒரு மாதம் சரியாக ஓடியபின் 6,000. இந்தப் பணத்துக்குள் மேலே சொன்னது அடங்காது என்றால் எதை விடலாம் என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டு பராமரிப்புக்கு என்ன ஆகும் என்பதையும் இப்போதே சொல்லுங்கள்.

கணக்குகள் எல்லாம் என் பெயரில் இருக்கும். எங்களுக்கென்று நீங்கள் எழுதும் நிரலின் உரிமை, கடைசித் தவணை கொடுத்த அன்று காலவரையின்றி, எல்லா நாட்டுக்கும் எனக்கு வர வேண்டும். அதை ஒரு தாளில் கையெழுத்திட்டுக்கொள்வோம்.

செப்டம்பர் 30 சோதனை வெப்சைட். அக்டோபர் 15 திறப்பு. அக்டோபர் 25-க்குப் பிறகு கார்த்திகை முடியும்வரை புதிதாக எதுவும் சேர்க்கச் சொல்லமாட்டேன்.

திறக்கும் முன் நான் பார்க்கப்போவது இவை. கிலோ விலையை மாற்றி நாற்பதும் மாறுகிறதா என்று பார்ப்பேன். விலை குறைந்த போனில், சாதாரண சிக்னலில் திறந்து பார்ப்பேன். யூபிஐயில் பணம் கட்டி, வெப்சைட்டுக்குத் திரும்பாமல் போனை மூடிவிட்டு, ஆர்டர் என்னிடம் வந்ததா என்று பார்ப்பேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்"

கடைசியாக அவர் எழுதிய சோதனை மிக உயர்ந்தது. யூபிஐயில் கட்டுபவர் வேறு செயலிக்குப் போய்ப் பின்னை அழுத்துகிறார். பணம் போனதும் பலர் வெப்சைட்டுக்குத் திரும்புவதே இல்லை. வாடிக்கையாளர் திரும்பி வந்தால்தான் ஆர்டர் பதியும் என்று கட்டியிருந்தால், வங்கியில் பணம் வந்திருக்கும், கடையில் ஆர்டர் இருக்காது. வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். கேட்வேயே நேராக வெப்சைட்டுக்குப் "பணம் வந்தது" என்று சொல்லும் வழி ஒன்று உண்டு. வெப்ஹுக் என்பார்கள். அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதைக் கடைக்காரர் நிரலைத் திறந்து பார்க்கத் தேவையில்லை; போனை மூடிப் பார்த்தால் போதும். நல்ல கடிதம் ஒன்றில் இப்படிக் கையால் செய்து பார்க்கக்கூடிய இரண்டு மூன்று சோதனைகள் இருந்தாலே "முடிந்தது" என்பதற்கு இருவருக்கும் ஒரே பொருள் வந்துவிடும்.

இந்தக் கடிதத்துக்கு டெவலப்பர் சும்மா "சரி" என்று பதில் எழுதமாட்டார். 42,000-க்குள் ஊர்வாரியாகக் கட்டணம் கணக்கிடுவது இடிக்கிறது என்று எழுதலாம். தமிழ்நாடு, மற்ற தென் மாநிலங்கள், பிற மாநிலங்கள் என்று மூன்று பகுதியாகப் பிரித்து, பெட்டியின் கணக்கு எடைக்கு ஒரு கட்டணப் பட்டியல் வைத்தால் போதுமா என்று கேட்கலாம். கடைக்காரருக்கு அதுவே நல்லது, ஏனென்றால் பட்டியலை அவரே திருத்திக்கொள்ளலாம். உயரம் வைத்துத் தேடுவதை நான்கு பிரிவுகளாக வைத்துவிட்டால் தனியாக நிரல் எழுத வேண்டாம் என்றும் சொல்லலாம். தொகை மாறாமல் வேலை குறைகிறது. இருவருக்கும் தெரிந்தே குறைகிறது.

கடைசித் தவணைக்கு முந்தைய அந்த ஒரு மாதத்துக்கும் ஒரு வரையறை வேண்டும். டெவலப்பர் தம் பதிலில் அதை எழுதுவது நல்லது. கடிதத்தில் சொன்னபடி நடக்காதது எதுவானாலும் பழுது. கூலி இல்லாமல் சரிசெய்ய வேண்டும். கடிதத்தில் இல்லாதது புது வேலை, தனிக் கூலி. கிலோ விலையை மாற்றியும் இரண்டு விளக்கின் விலை மாறவில்லை என்றால் அது பழுது. மொய் எழுதுகிறவர்களுக்காக விளக்கின் அடியில் பெயர் பொறித்துத் தரும் வசதியும் வெப்சைட்டில் வேண்டும் என்றால் அது புது வேலை. கார்த்திகை கழிந்து தை மாதக் கல்யாணங்களுக்கு முன்னால் அதற்கென்று இன்னொரு கடிதம் எழுதிக்கொள்ளலாம்.